நாற்பது ஷீட்டில் ஒருவர் மட்டும் வேண்டாம்

கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். திருச்சியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, போகாத கல்யாணங்களின் பக்கங்களை அடுக்குகிறவன். போட்டோகிராஃபர்கள் ஹார்டு டிஸ்க்கையும் செலக்‌ஷன் லிஸ்ட்டையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். முக்கால்வாசி நேரம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நேரில் பார்த்திருக்கவே மாட்டேன். ஆனால் அவர்கள் வீட்டு மனிதர்களை எல்லாம் முகம் முகமாகத் தெரியும். யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார்கள், யார் கடைசிவரை மேடைக்கு வரவில்லை, எந்த அத்தை எந்தப் படத்திலும் சிரிக்கவில்லை என்பதெல்லாம் தெரியும். பெயர்தான் தெரியாது.

“இந்த ஆளை மட்டும் எடுத்துடுங்க” என்ற கோரிக்கை இந்தத் தொழிலில் புதிதில்லை. அது வரும் விதம்தான் பெரும்பாலும் பாடாய்ப் படுத்தும். டிசைன் எல்லாம் முடிந்து புரூஃப் போன பிறகு, ராத்திரி பதினொரு மணிக்கு, சிவப்பில் கிறுக்கிய ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். அதில் பாதி அந்த மனிதர் செய்த அநியாயம், மீதி யாரோ பின்னால் மிக்ஸி ஓட்டும் சத்தம். எந்தப் பக்கம், எந்தப் படம், எந்த அளவுக்கு என்பது மட்டும் இருக்காது.

போன கல்யாண சீசனில் ஒரு மணப்பெண்ணிடமிருந்து வந்த குறிப்பு வேறு மாதிரி. அவரிடம் கேட்டு, அடையாளம் தெரியும் விஷயங்களை எடுத்துவிட்டு, ஃபைல் எண்களையும் மாற்றி இங்கே போடுகிறேன்.

“அண்ணா, வணக்கம். நாங்க செலக்ட் பண்ண படங்களோட லிஸ்ட்டை போட்டோகிராஃபர் அண்ணா உங்களுக்கு அனுப்பியிருப்பாங்க. டிசைன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கேட்டுக்கணும்னு இதைத் தனியா எழுதறேன்.

கூட மூணு படம் அனுப்பியிருக்கேன். மூணுலயும் வட்டம் போட்டிருக்கறது ஒரே ஆள்தான். ரிசப்ஷன்ல நீலச் சட்டை. முகூர்த்தத்துல எல்லாரையும் போல பட்டு வேட்டி சட்டை, ஆனா கண்ணாடி போட்டிருப்பாங்க, இடது கைல பெரிய டயல் வாட்ச். இவங்க ஆல்பம் பக்கங்கள்ல வர வேண்டாம். காரணம் எழுதலை, தப்பா எடுத்துக்காதீங்க.

வர வேண்டாம்னா எந்த அளவுக்குன்னும் சொல்லிடறேன். முகம் தெரியற மாதிரி வேண்டாம், ஸ்டேஜ் குரூப் படமும் வேண்டாம். கூட்டத்துல எங்கயோ பின்னாடி முதுகோ தோளோ தெரிஞ்சா பரவாயில்லை, அதுக்காக நல்ல படத்தை விட்டுடாதீங்க. ஆனா இவங்க மனைவியும் ரெண்டு பசங்களும் கண்டிப்பா வரணும். பச்சைப் பட்டு கட்டியிருக்கறது சித்தி. சித்தியும் பசங்களும் எனக்கு ரொம்ப முக்கியம்.

லிஸ்ட்டுல இவங்க இருக்கற படம் நாலு இருக்கு. அப்பா டிக் பண்ணது, என்னால மாத்த முடியலை. ட்ரெடிஷனல் ஃபோல்டர்ல DSC_2214, DSC_2217, DSC_3871. கேண்டிட் ஃபோல்டர்ல DSC_0642. முதல் மூணை நீங்க எப்படி வேணா மாத்திக்கலாம், எடுத்தும் விடலாம். நாலாவது பாட்டி படம். அது மட்டும் எனக்கு வேணும். ஏதாவது செய்ய முடியுமான்னு பாருங்க. முடியலைன்னா அப்படியே இருக்கட்டும்.

ஒரிஜினல் படங்கள்ல எதையும் டெலிட் பண்ண வேண்டாம் அண்ணா. பக்கங்கள்ல மட்டும்தான்.

என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவர் படிச்ச பிறகுதான் அனுப்பறேன். அப்பாவுக்குத் தெரியாது. அதனால நம்ம ஆல்பம் குரூப்ல இதைப் பத்தி எதுவும் போட வேண்டாம், என் நம்பருக்கு மட்டும் சொல்லுங்க. கூடுதல் வேலைக்கு எவ்வளவுன்னு சொன்னீங்கன்னா நானே தனியா அனுப்பிடறேன். சிரமத்துக்கு மன்னிச்சுக்கோங்க. நன்றி அண்ணா.”

இதைப் படித்ததும் நான் முதலில் பார்த்தது தேதியை. டிசைன் ஆரம்பிக்கவே இல்லை. அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி.

நம் அம்மா அப்பா காலத்து ஆல்பத்தில் கறுப்பு அட்டையில் நாலு மூலைக்கு நாலு கார்னர் ஒட்டி, அதில் போட்டோவைச் செருகியிருப்பார்கள். யாருடனாவது மனஸ்தாபம் வந்தால் அந்த ஒரு போட்டோவை உருவிவிடலாம். வெறும் கார்னர் நாலும் அங்கேயே இருக்கும். இப்போது போடுகிற 12x36 ஆல்பத்தில் அது நடக்காது. திறந்து வைத்தால் தெரியும் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பிரிண்ட், அதைத்தான் ஒரு ஷீட் என்கிறோம். பன்னிரண்டு அங்குல உயரம், முப்பத்தாறு அங்குல அகலம். அதை நடுவில் மடித்து, இடது பாதியின் முதுகை முந்தைய ஷீட்டின் வலது பாதியின் முதுகோடும், வலது பாதியின் முதுகை அடுத்த ஷீட்டோடும் ஒட்டி அழுத்திவிடுவார்கள். ஆக, நடுவில் ஒரு ஷீட்டை மட்டும் கழற்ற முடியாது. ஒரு முகத்துக்காக அந்த ஷீட்டைப் பிய்த்தால் முன்னும் பின்னும் உள்ளவையும் கிழியும். மொத்த ஆல்பத்தையும் மறுபடி பிரிண்ட் போட்டு பைண்டிங் செய்வதுதான் வழி. லேபுக்குப் போன பிறகு வரும் கோரிக்கைக்கு எங்களிடம் பதில் இல்லாததற்குக் காரணம் இதுதான், திமிர் இல்லை.

அடுத்து ஃபோல்டர் பெயர். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கல்யாணத்தில் குறைந்தது இரண்டு கேமரா ஓடும். மேடைக்கு நேராக நின்று சடங்குகளையும் குரூப்புகளையும் எடுக்கிறவர் ட்ரெடிஷனல், சுற்றிச் சுற்றி இயல்பாக எடுக்கிறவர் கேண்டிட். கேமராவின் எண் 9999 வரை போய் மறுபடி 0001-லிருந்து தொடங்கும். இரண்டும் ஒரே கம்பெனி கேமரா என்றால் DSC_0642 என்று இரண்டு ஃபோல்டரிலும் ஒவ்வொரு படம் இருக்கலாம். ஒன்று பாட்டி, இன்னொன்று பந்தியில் சாம்பார் வாளி. வாட்ஸ்அப்பில் படத்தை ஃபார்வர்டு செய்து “இதான்” என்று சொன்னால் இன்னும் மோசம். படம் சுருங்குவதோடு பெயரும் IMG-20240211-WA0012.jpg என்கிற மாதிரி மாறிவிடும். அதை வைத்துக்கொண்டு பல ஆயிரம் படங்களுக்குள் அசலைக் கண்ணால்தான் தேட வேண்டும். ஆளை அடையாளம் காட்ட வாட்ஸ்அப் படம் போதும். எந்தப் படம் என்று சொல்ல எண்தான் வேண்டும். இந்தப் பெண் இரண்டையும் பிரித்துச் செய்திருந்தார்.

வாட்ச் விஷயமும் எனக்குப் பிடித்தது. முகூர்த்த நேரத்தில் மேடையில் இருக்கும் ஆண்கள் அத்தனை பேரும் வெள்ளை. எங்களைப் போல அந்தக் குடும்பத்தைத் தெரியாதவர்களுக்கு அண்ணன் தம்பிகள் மூவரும் ஒரே ஜாடையில் இருப்பார்கள். பக்கவாட்டில் திரும்பி நின்றால் தொலைந்தது. பெரியப்பாவைத் தூக்கிவிட்டு உரியவரை விட்டுவைத்த கதைகள் எங்கள் வட்டாரத்தில் உண்டு.

காரணம் சொல்லாததற்கு அவர் மன்னிப்புக் கேட்டிருந்தார். தேவையே இல்லை. காரணம் தெரிந்தால் டிசைனருக்கு ஒரு பயனும் இல்லை. எனக்கு வேண்டியது எல்லைக்கோடு. முகம் வேண்டாம், முதுகு பரவாயில்லை, மனைவி பிள்ளைகள் கட்டாயம் வேண்டும் என்ற மூன்றும் இருந்தால் வேலை செய்துவிடலாம். அவர் மனைவியைச் சித்தி என்று எழுதியவர் அந்த மனிதரை எந்த உறவு சொல்லியும் எழுதவில்லை. நானும் இந்தப் பதிவு முழுக்க “அவர்” என்றே சொல்லிவிடுகிறேன்.

நான் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்று: “மாப்பிள்ளை வீட்டுக்குப் போற மினி புக்கும் இதே மாதிரிதானேம்மா?” பெரிய ஆல்பத்தின் அதே ஃபைலைச் சுருக்கித்தான் மினி புக் போடுவார்கள், பெரும்பாலும் பிரச்சினை வராது. ஆனால் சில குடும்பங்களில் மாப்பிள்ளை வீட்டுக்கென்று தனியாகச் சில படம் சேர்க்கச் சொல்வார்கள், அதில் வந்து உட்கார்ந்துவிடும். “ஒரே மாதிரிதான் அண்ணா” என்று பதில் வந்தது. வேலையைத் தொடங்கினேன்.

DSC_2214-உம் DSC_2217-உம் ரிசப்ஷன் மேடையில் எடுத்த ஒரே குடும்பப் படம்தான். கண் மூடுவார்கள் என்பதற்காக ஒவ்வொரு குரூப்பையும் மூன்று நான்கு தடவை எடுப்பது வழக்கம். அதில் இரண்டை அப்பா டிக் செய்திருக்கிறார். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். பெண்ணுக்குப் பக்கத்தில் சித்தி, சித்தியின் முன்னால் மகள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவர், ஓரத்தில் மகன். அவர் ஓரத்தில் நின்றிருந்தால் வெட்டிவிட்டுப் போயிருக்கலாம். நின்றது மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுக்கொண்டு.

அழிக்க முடியாதா என்றால், முடியும். மேடைக் கேமராவை ட்ரைபாடில் நிறுத்தியிருப்பார்கள், லைட்டும் அசையாது. ஒரு குடும்பம் இறங்கி அடுத்த குடும்பம் ஏறுவதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் நிற்கும் படம் ஒன்று எப்படியும் விழுந்திருக்கும். அந்தப் படத்திலிருந்து பின்னணிப் பூ அலங்காரத்தையும் தரையையும் எடுத்து அவர் நின்ற இடத்தில் வைக்கலாம். பூவையே குளோன் செய்து நிரப்பினால் ஒரே ரோஜா மூன்று இடத்தில் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த முறையில் அந்தத் தொல்லை இல்லை. மாப்பிள்ளையின் தோளையும் அதே படத்திலிருந்து கொண்டுவரலாம், அவர் விரல்கள் கசக்கிய ஷெர்வானி மடிப்பு போய்விடும்.

ஆனால் இடைவெளி போகாது. மாப்பிள்ளைக்கும் பையனுக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வெற்றிடம். குரூப் படத்தில் யாரும் அப்படி விலகி நிற்க மாட்டார்கள். பையனை நகர்த்தி ஒட்டினால் அவன் மேல் விழுந்த வெளிச்சம் புது இடத்துக்குப் பொருந்தாது, காலடி நிழலை மறுபடி வரைய வேண்டும். அதையும் செய்யலாம்தான். செய்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? சித்தியும் அந்தப் பையனும். அவன் அந்த மேடையில் அப்பாவின் பக்கத்தில் நின்றவன். அப்பா காணாமல் போய், தான் இழுத்து ஒட்டப்பட்ட படத்தை அவன் விரித்துப் பார்ப்பான். படமே இல்லாமல் போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். படம் இருந்து ஆள் இல்லாமல் போவது சண்டை. அதனால் மேடைக் குரூப்பில் ஆளை அழிக்க யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, வேண்டாம். இரண்டு படத்தையும் ஒதுக்கினேன்.

அதற்குப் பதில் நலங்கு ஃபோல்டருக்குப் போனேன். முந்தின நாள் காலை வீட்டில் வைத்தது. பெண்கள் கூட்டம், ஆண்கள் வாசலில் பந்தலோடு இருந்திருக்கிறார்கள். சித்தி சந்தனத்தை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு பெண்ணின் கன்னத்தை நெருங்குகிற படம் ஒன்று. பெண் சிரித்துக்கொண்டே தலையைப் பின்னால் இழுக்கிறார். ஓரமாக அந்தச் சின்னப் பெண் மூக்கில் மஞ்சளோடு நிற்கிறாள். மேடையில் நின்ற வரிசையைவிட நூறு மடங்கு நல்ல படம். பையன் அதில் இல்லை. அவனை ரிசப்ஷன் டான்ஸில் கண்டுபிடித்தேன், மாப்பிள்ளை தோளில் தூக்கி வைத்திருக்கிறார்.

இங்கே ஒரு சிக்கல். ஆல்பம் பார்க்கிற நம் மக்கள் கல்யாணத்தைப் பார்ப்பதில்லை, தங்களைத் தேடுகிறார்கள். ஆல்பம் வீட்டுக்கு வந்த அன்றே “எங்க போட்டோ எங்க?” என்று பக்கங்களைத் தள்ளுவார்கள். லிஸ்ட்டில் பெரியப்பா குடும்பம், அத்தை குடும்பம், மாமா குடும்பம் என்று எல்லோருக்கும் மேடைக் குரூப் டிக் ஆகியிருந்தது. அதில் ஒரு குடும்பம் மட்டும் காணோம் என்றால், ஒவ்வொரு ஷீட்டிலும் அவர் இருந்தால் தெரிவதைவிட அதிகமாக அவர் இல்லாதது தெரியும். ஒருவரை விடுவது அவரைத் தொடுகிற வேலையே இல்லை, அவருக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களை மாற்றி அடுக்குகிற வேலை.

அதனால் அந்தப் பெண்ணிடம் ஒன்று சொன்னேன். “மேடைக் குரூப்பை யாருக்குமே ஆல்பத்துல வைக்க வேண்டாம்மா. பாட்டி தாத்தா, ரெண்டு பக்க அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க, இவ்வளவுதான் மேடையில. மத்தவங்க எல்லாரும் சடங்குல வரட்டும். குரூப் படத்தை எல்லாம் 6x8-ல தனித்தனியா பிரிண்ட் போட்டு அந்தந்தக் குடும்பத்துக்கே குடுத்துடுங்க.”

நலங்கில் அத்தைகளும் சித்தியும் பெரியம்மாவும். தாய்மாமன் சீரில் மாமா. தாரை வார்க்கும்போது அப்பாவுக்குப் பின்னால் பெரியப்பா. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தது ஒரு நல்ல படம் வந்துவிட்டது, யாரும் வரிசையில் விறைத்துக்கொண்டு நிற்காமல். அவருடைய குடும்பக் குரூப்பும் பிரிண்ட் ஆகி அவர் வீட்டுக்கே போகும், அவர் தோளில் கை போட்டபடி முழுசாக. வேண்டுமானால் ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளட்டும்.

இந்த யோசனையை நான் ஆல்பம் குரூப்பில் போட்டேன், அப்பா பார்க்கும்படியாகவே. பொய் எதுவும் சொல்லவில்லை. மேடைக் குரூப்புகள்தான் எந்த ஆல்பத்திலும் சலிப்பான ஷீட்டுகள் என்று எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்லி வருகிறவன் நான், யாரும் கேட்டதில்லை. இந்த அப்பா கேட்டார். “சொந்தக்காரங்களுக்கு ஆளுக்கொரு போட்டோ குடுத்தா சந்தோஷப்படுவாங்க தம்பி, அப்படியே பண்ணிடுங்க” என்றார். பெண்ணிடமிருந்து தனியாக ஒரு கும்பிடு வந்தது.

மூன்றாவது, DSC_3871. தாலி கட்டும் படம். மேடைக் கேமராவிலிருந்து நேராக எடுத்தது. தாலி ஏறுகிற அந்த நேரத்தில் சொந்தம் மொத்தமும் பின்னால் நெருக்கியடித்து நிற்கும். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே, இரண்டு தலைக்கும் மேலே, அட்சதை தூவிய கையோடு அவர் முகம். இதைவிட மையமான இடம் அந்த மண்டபத்தில் கிடையாது.

இதற்கு ஆளை அழிப்பது பற்றி நினைக்கவே இல்லை, கேண்டிட் கேமரா அதே நொடியில் என்ன எடுத்தது என்று பார்த்தேன். ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும். ஆனால் இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒத்துப்போவது அபூர்வம், சில நிமிஷம் முன்னே பின்னே இருக்கும். இரண்டிலும் பொதுவாக, ஒரே நொடியில் நடந்து முடிகிற ஒன்று வேண்டும். கெட்டிமேளச் சத்தம் படத்தில் விழாது, அட்சதை விழும். மேடைக் கேமராவில் அரிசி காற்றில் நிற்கும் படத்தைப் பிடித்தேன், கேண்டிட் ஃபோல்டரில் அரிசி காற்றில் நிற்கும் படத்தைப் பிடித்தேன், இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு மேடைக் கேமராவின் எந்தப் படத்துக்கும் கேண்டிட் ஜோடியைத் தேடுவது எளிது. பக்கவாட்டுக் கோணத்தில் மாப்பிள்ளையின் கை, மஞ்சள் கயிறு, குனிந்த பெண்ணின் நெற்றிச்சுட்டி, மூன்றாவது முடிச்சுக்குக் குனிகிற நாத்தனார். பின்னால் இருப்பவர்கள் எல்லாம் லென்ஸின் மங்கலில் வெறும் நிறமாகக் கரைந்துவிட்டார்கள். அதை ஷீட் முழுக்க விரித்து வைத்தேன், தாலி மடிப்பில் விழாமல் கொஞ்சம் வலதுபக்கம் தள்ளி. மடிப்பில் முகமும் தாலியும் விழக்கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

பாட்டி படத்துக்கு வருகிறேன். DSC_0642. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பெண் கீழே மண்டியிட்டுப் பாட்டியின் மடியில் கை வைத்திருக்கிறார். பாட்டி வாய்விட்டுச் சிரிக்கிறார். ஃபோல்டர் முழுக்கத் தேடினேன், வேறு எந்தப் படத்திலும் பாட்டி அப்படிச் சிரிக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் அவர் நிற்கிறார், நாற்காலியின் முதுகில் கை வைத்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு. அதே நேரத்தில் மேடைக் கேமரா வேறு எதையோ எடுத்துக்கொண்டிருந்தது, ஜோடிப் படம் இல்லை.

வெட்டினேன். பாட்டியின் தலைக்குச் சற்று மேலே ஒரு கோடு, பெண்ணின் தோளுக்கு வெளியே ஒரு கோடு. அவர் முகமும் உடம்பும் போய்விட்டன. நாற்காலியின் விளிம்பில் நான்கு விரல்கள் மட்டும் மிஞ்சின. யாருடையவை என்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஆளில்லாத விரல்கள் ஒரு படத்தில் இருந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். அந்த இடத்தில் மட்டும் நாற்காலியின் மர விளிம்பைப் பக்கத்திலிருந்து குளோன் ஸ்டாம்ப்பால் நீட்டினேன். மரம் என்பதால் கோடு நேராகப் போனது, பிளாஸ்டிக் சேருக்குத் துணி உறை போட்டிருந்தால் மடிப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்திருக்கும். அந்த ஆல்பம் முழுவதிலும் நான் அழித்தது அந்த நான்கு விரல்களை மட்டும்தான்.

வெட்டியதற்கு ஒரு விலை உண்டு. அசல் படம் 6000x4000 பிக்சல். வெட்டிய பிறகு மிஞ்சியது சுமார் 2000x2400. நாங்கள் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் வேலை செய்கிறோம். அந்தக் கணக்குக்கு இந்தப் படம் எட்டு அங்குல உயரம்தான் தாங்கும். பெண் ஒரு பக்கம் முழுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பக்கத்தின் முழு உயரமான பன்னிரண்டுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 200-க்கு இறங்கும், பாட்டியின் முகச் சுருக்கங்கள் மழமழவென்று ஆகிவிடும். “எட்டு அங்குலத்துலயே இருக்கட்டும்மா, சுத்தி வேற எதுவும் வைக்கலை” என்றேன். சந்தன நிறத்தில் வெற்றுப் பக்கம், நடுவில் பாட்டி. புரூஃப் பார்த்துவிட்டுப் பெண் சரி என்றார்.

இதெல்லாம் தெரிந்த இடங்கள். ஆள் நமக்குத் தெரியாமல் நுழையும் இடங்கள் வேறு. டிசைனர்கள் ஷீட்டின் பின்புலத்துக்கு மண்டபத்தின் அகலமான படம் ஒன்றை மங்கலாக்கிப் போடுவோம். லிஸ்ட்டில் அது ஒரு படமாகவே கணக்கில் வராது, யாரும் பார்க்கவும் மாட்டார்கள். ஆனால் முப்பத்தாறு அங்குலத்துக்கு விரியும்போது முன்வரிசையில் உட்கார்ந்தவரின் முகம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிடும், மங்கலாக இருந்தாலும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதனால் இந்த ஆல்பத்தில் பின்புலத்துக்குக் கோலமும் பட்டுச்சேலைக் கரையும் வாழைமரமும்தான், மனிதர்களே இல்லை. கடைசி ஷீட்டின் பொடிப்பொடிப் படங்கள் நிறைந்த கொலாஜும் இன்னொரு பொறி, அதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

நான் எதிர்பார்க்காதது எல்.இ.டி. திரை. ரிசப்ஷனில் மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை வைத்து, மேடையில் நடப்பதை நேரலையாக ஓடவிடுவார்கள். கூட்டம் கைதட்டும் ஒரு நல்ல படத்தை வைத்திருந்தேன், அதில் அவர் எங்கும் இல்லை. ஃபைலை அனுப்பும் முன் 100 சதவீதத்தில் பார்க்கும்போதுதான் மூலையில் இருந்த திரையில் அவர் பொக்கே கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒரு ஷீட் 10800 பிக்சல் அகலம், என் மானிட்டர் 1920. ஷீட்டை முழுசாகத் திரையில் அடக்கிப் பார்த்தால் இப்படிப்பட்டவை கண்ணுக்கே படாது. ஆறு தடவையாவது பக்கவாட்டில் நகர்த்தி, துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். அந்தப் படத்தின் இடது ஓரத்தைச் சற்று வெட்டினேன், திரை வெளியே போய்விட்டது.

இதே காரணத்துக்காகப் பெண்ணுக்கு மட்டும் புரூஃபை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினேன். சாதாரணப் படமாக அனுப்பினால் வெகுவாகச் சுருங்கி, பின்வரிசை முகமெல்லாம் புள்ளியாகிவிடும். பெண் லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்து ஒரே இடத்தில் சந்தேகம் கேட்டார், பந்தியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒருவர். வாட்ச்சைப் பார்த்தேன். இல்லை, பெரியப்பா.

கூடுதல் பணம் பற்றிப் பெண் கேட்டாரே, அதற்கு அந்த நான்கு விரல்களுக்கான ரீடச்சிங் தொகையை மட்டும் வாங்கிக்கொண்டேன். வேறு படத்தைத் தேடி வைப்பது டிசைனரின் வேலைதான், அதற்குத் தனியாகப் பில் போட்டால் சரியில்லை.

ஃபைல்கள் லேபுக்குப் போன அன்று பெண்ணுக்கு ஒன்று நினைவூட்டினேன். வீடியோ எடிட் செய்பவர் வேறு ஆள், என்னிடம் சொன்னது அவருக்குத் தெரியாது, அவருக்கும் இதே மாதிரி ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள், படத்து எண்ணுக்குப் பதில் வீடியோ ஓடும் நிமிஷமும் நொடியும் கொடுக்க வேண்டும் என்று. கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

“அஞ்சு நிமிஷ ஹைலைட்ஸுக்கு மட்டும் சொல்லிடறேன் அண்ணா. மூணு மணி நேர வீடியோல இருந்துட்டுப் போகட்டும். அதை நானே முழுசா பார்க்க மாட்டேன்.”